ஐந்து மொழிப் படத்தில் தமிழை மட்டும் வைத்துக்கொள்வது எப்படி?

ஒரே படம் தமிழ், தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம் என்று ஐந்து மொழிகளில் வெளியாவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அதனால் கணினியில் சேர்த்து வைத்திருக்கும் படங்களிலும் ஒரே ஃபைலுக்குள் ஐந்து மொழி ஒலியும் சேர்ந்தே இருக்கிறது. பென் டிரைவில் போட்டு டிவியில் செருகினால் படம் இந்தியில் பேச ஆரம்பிக்கும். ரிமோட்டில் ஆடியோ மாற்றும் இடத்தைத் தேடிப் பிடித்துத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். பல டிவிகள் அதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் போட்டால் மறுபடியும் இந்திதான். வீட்டில் பெரியவர்கள் மட்டும் தனியாகப் பார்க்கும்போது இது பெரிய தொல்லை.

இன்னொரு தொல்லை அதற்கு முன்பே வந்துவிடும். பழைய பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனி ஃபைலை வைக்கவே முடியாது. பென் டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தாலும் 6 ஜிபி படம் ஏறாது.

இந்த இரண்டுக்கும் ஒரே வேலையில் தீர்வு உண்டு. நமக்கு வேண்டிய மொழியை வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் ஃபைலிலிருந்து எடுத்துவிடலாம். படத்தின் தரம் இம்மியளவும் குறையாது. சாதாரணக் கணினியிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று புரிந்துகொண்டு செய்தால்தான் தமிழுக்குப் பதில் தெலுங்கை வைத்துக்கொள்வது, ஒலியே இல்லாத படத்தை உருவாக்குவது போன்ற விபத்துகள் நேராது. அதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

ஃபைலுக்குள் என்ன இருக்கிறது

நாம் ஒரு படம் என்று நினைக்கும் .mkv ஃபைல் உண்மையில் பல பொருள்கள் சேர்ந்த ஒரு கட்டு. ஒளி ஒன்று, ஒலி ஐந்து, சப்டைட்டில் இரண்டு மூன்று, சில சமயம் அத்தியாயப் பட்டியல், சப்டைட்டிலுக்கான எழுத்துருக்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். இவை ஒவ்வொன்றையும் டிராக் என்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கும் அமைப்புக்குக் கன்டெய்னர் என்று பெயர். எம்கேவி, எம்பி4 இரண்டும் கன்டெய்னர்கள். உள்ளே இருக்கும் ஒளியையும் ஒலியையும் சுருக்கி எழுதும் முறைதான் கோடெக். எச்.264, எச்இவிசி ஆகியவை ஒளிக்கான கோடெக்குகள். ஏஏசி, டால்பி டிஜிட்டல் பிளஸ், டிடிஎஸ் ஆகியவை ஒலிக்கானவை.

இந்த டிராக்குகள் ஃபைலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதில்லை. முதலில் முழுப் படம், அதன்பின் முழுத் தமிழ் ஒலி, அதன்பின் முழு இந்தி ஒலி என்று வைத்தால் பிளேயர் ஒவ்வொரு நொடிக்கும் வட்டில் அங்குமிங்கும் ஓடித் தேட வேண்டியிருக்கும். ஆகவே கதம்பம் தொடுப்பதைப்போல வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் மல்லி, கொஞ்சம் கனகாம்பரம், ஒரு கிள்ளு மரிக்கொழுந்து, மறுபடி மல்லி என்று வருவதுபோல, இந்த நொடிக்கான காட்சி, அதே நொடிக்கான ஐந்து மொழி ஒலி, பிறகு அடுத்த நொடிக்கான காட்சி என்று மாறி மாறி வரும்.

நாம் செய்யப்போகும் வேலையும் இதிலேயே விளங்கிவிடும். கதம்பத்திலிருந்து கனகாம்பரத்தை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் சரத்தைப் பிரித்து, வேண்டிய பூக்களை மறுபடி தொடுக்க வேண்டும். ஆனால் எந்தப் பூவும் கசங்காது. அப்படியே, பழைய ஃபைலை முதலிலிருந்து கடைசிவரை படித்து, வேண்டிய டிராக்கின் துண்டுகளை மட்டும் புதிய ஃபைலில் வரிசையாக எழுதுகிறோம். துண்டுகளுக்குள் இருக்கும் தரவைத் தொடுவதேயில்லை. இதைத்தான் ரீமக்ஸ் என்கிறார்கள்.

ரீமக்ஸையும் ரீஎன்கோடையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரீஎன்கோடில் காட்சியை விரித்து, மறுபடி முதலிலிருந்து சுருக்குவார்கள். இரண்டரை மணிநேரப் படத்துக்கு அது மணிக்கணக்கில் ஓடும்; தரமும் ஒரு படி இறங்கும். பலரும் கைவசம் இருக்கும் HandBrake போன்ற மென்பொருளைத் திறந்து, அதில் ஒரு ஆடியோவை மட்டும் தேர்ந்தெடுத்து ஓடவிடுகிறார்கள். அது நல்ல மென்பொருள்தான், ஆனால் இந்த வேலைக்கு உரியதல்ல. அது ஒளியை மறுசுருக்கம் செய்யாமல் வெளியே விடாது. மொழியை எடுப்பதற்காகப் படத்தின் தரத்தைக் காவு கொடுக்கத் தேவையில்லை.

எவ்வளவு இடம் மிச்சமாகும்

இதை வேலையைத் தொடங்கும் முன்பே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். MediaInfo என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் ஒவ்வொரு டிராக்கின் விவரமும் தெரியும். நமக்கு வேண்டியது பிட்ரேட், அதாவது ஒரு நொடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் செலவாகிறது என்ற எண். அதைப் படத்தின் நீளத்தால், நொடிக் கணக்கில், பெருக்கி 8-ஆல் வகுத்தால் கிலோபைட்டில் அளவு கிடைக்கும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் இரண்டரை மணிநேரம், அதாவது 9,000 நொடி. ஒளி எச்இவிசி, நொடிக்கு 2,500 கிலோபிட். ஒலி ஐந்து மொழியிலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் 5.1, ஒவ்வொன்றும் நொடிக்கு 640 கிலோபிட். ஒரு மொழி ஒலியின் அளவு 640-ஐ 9,000-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 7,20,000 கிலோபைட், அதாவது 720 எம்பி. ஐந்தும் சேர்ந்தால் 3.6 ஜிபி. ஒளியின் அளவு அதே கணக்கில் 2.81 ஜிபிதான். இந்த ஃபைலில் படத்தைவிட ஒலி அதிக இடத்தைப் பிடித்திருக்கிறது! அதிலும் நான்கு பங்கை நாம் கேட்கப்போவதே இல்லை.

மொத்தம் 6.41 ஜிபி இருந்த ஃபைல், தமிழை மட்டும் வைத்தால் 3.53 ஜிபியாக இறங்கும். 4 ஜிபி எல்லைக்குள் வந்துவிட்டதால் அந்தப் பழைய பென் டிரைவிலும் ஏறிவிடும். விண்டோஸில் இதே அளவுகள் 5.97 ஜிபி, 3.29 ஜிபி என்று சற்றுக் குறைவாகத் தெரியும். விண்டோஸ் ஆயிரத்துக்குப் பதில் 1,024-ஆல் வகுத்துக் காட்டுவதுதான் காரணம். MediaInfo-வும் அப்படித்தான், 720 எம்பியை 687 MiB என்று காட்டும். கணக்கு தவறிவிட்டதோ என்று யோசிக்க வேண்டாம்.

எல்லாப் படத்திலும் இவ்வளவு லாபம் கிடைத்துவிடாது. ஒலிகள் ஏஏசி ஸ்டீரியோவாக, 128 கிலோபிட்டில் இருந்தால் ஒவ்வொன்றும் 144 எம்பிதான். நான்கை எடுத்தாலும் 576 எம்பிதான் குறையும். அதேபோல 60 ஜிபி அளவுள்ள 4கே ஃபைலில் இரண்டு மூன்று ஜிபி குறைவதை நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் இடத்துக்காக இந்த வேலையைச் செய்வதில் அர்த்தமில்லை. டிவி எடுத்தவுடன் தமிழில் பேச வேண்டும் என்பது மட்டும்தான் தேவை என்றால் அதற்கு இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

சப்டைட்டிலை எடுப்பதால் இடம் மிச்சமாகும் என்று நினைப்பவர்களும் உண்டு. எஸ்ஆர்டி வகை சப்டைட்டில் வெறும் எழுத்துதான், முழுப் படத்துக்கும் நூறு கேபி அளவில் முடிந்துவிடும். புளூரேயிலிருந்து வரும் பிஜிஎஸ் வகை மட்டும் ஒவ்வொரு வரியையும் படமாகவே வைத்திருப்பதால் பல எம்பி பிடிக்கும். சப்டைட்டிலைப் பொறுத்தவரை, சந்தேகம் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

செய்முறை

எம்கேவி ஃபைல்களுக்கு MKVToolNix-ஐப் பயன்படுத்துங்கள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மோரிட்ஸ் பங்கஸ் என்ற ஜெர்மானியர் பல ஆண்டுகளாக இதைப் பராமரித்து வருகிறார். எனக்குத் தெரிந்து இந்த வேலைக்கு இதைவிட நம்பகமான கருவி இல்லை.

முதலில் வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஃபைல் அப்படியே இருக்க, புதிய ஃபைல் தனியாக எழுதப்படும். நம் உதாரணத்தில் கூடுதலாக மூன்றரை ஜிபி காலி இடம் வேண்டும். பழைய ஃபைலுக்குள்ளேயே வேண்டாத ஒலியை வெட்டி எறியும் வழி கிடையாது. துண்டுகள் கலந்து கிடப்பதால் மறுபடி எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்து, படத்தை VLC-யில் போட்டு எந்த டிராக் தமிழ் என்று காதால் கேட்டு உறுதி செய்யுங்கள். இந்தப் படியைத் தாண்டவே கூடாது. டிராக்கின் மேல் ஒட்டியிருக்கும் மொழிப் பெயர் யாரோ ஒருவர் எழுதிய சீட்டு மட்டும்தான். உள்ளே என்ன ஒலி இருக்கிறது என்பதை எந்த மென்பொருளும் கேட்டுப் பார்த்து எழுதுவதில்லை. தமிழுக்கு tam, தெலுங்குக்கு tel, இந்திக்கு hin, மலையாளத்துக்கு mal, கன்னடத்துக்கு kan என்பவை வழக்கமான குறியீடுகள். und என்றிருந்தால் மொழி குறிக்கப்படவில்லை என்று பொருள். எம்கேவியில் இன்னொரு விசித்திரமும் உண்டு. மொழி எதுவுமே எழுதப்படாமல் விட்டிருந்தால் அதை ஆங்கிலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த அமைப்பின் விதி. அதனால் eng என்று காட்டும் டிராக்கில் நல்ல தமிழ் ஓடிக்கொண்டிருக்கலாம். சீட்டை நம்பி அதை நீக்கினால் தமிழ் போய்விடும்.

கேட்கும்போது பாட்டில் நிறுத்தாமல் வசனம் வரும் இடத்தில் கேளுங்கள். சில படங்களில் பாடல்களும் பின்னணி இசையும் எல்லா டிராக்கிலும் ஒன்றாகவே இருக்கும்.

இப்போது MKVToolNix-ஐத் திறந்து படத்தை அதன் மேல் இழுத்துப் போடுங்கள். மேலே ஃபைலின் பெயரும், கீழே அதன் டிராக்குகள் எல்லாம் வரிசையாகவும் வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டிக் பெட்டி இருக்கும். எல்லாவற்றிலும் டிக் போட்டே வந்திருக்கும். வேண்டாத நான்கு ஆடியோவிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். ஒளி டிராக்கைத் தொடாதீர்கள். எழுத்துருக்கள் தனியாக இருந்தால் அவற்றையும் தொடாமல் விட்டுவிடுங்கள். அழகுபடுத்திய சப்டைட்டில்களுக்கு அவை தேவைப்படும்.

பிறகு தமிழ் டிராக்கைக் கிளிக் செய்யுங்கள். வலப்பக்கத்தில் அதன் பண்புகள் வரும். `Language` என்ற இடத்தில் தமிழ் இல்லாமல் வேறெதுவும் இருந்தால் தமிழுக்கு மாற்றுங்கள். `Default track` என்ற குறி `Yes` என்று இருக்கட்டும். மூல ஃபைலில் இந்திக்குத்தான் அந்தக் குறி இருந்திருக்கும்; அதனால்தான் டிவி ஒவ்வொரு முறையும் இந்தியில் ஆரம்பித்தது. ஒரே ஒலி மிஞ்சியிருக்கும்போது குறி இல்லாவிட்டாலும் பெரும்பாலான பிளேயர்கள் அதையே எடுத்துக்கொள்ளும். ஆனாலும் சரியாக எழுதி வைப்பது நல்லது.

கீழே `Destination file` என்ற இடத்தில் புதிய ஃபைலின் பெயரைப் பாருங்கள். பழைய பெயரோடு குழம்பாதபடி கடைசியில் tamil என்று சேர்த்துக்கொள்ளலாம். `Start multiplexing` என்ற பட்டனை அழுத்தினால் வேலை தொடங்கிவிடும். கணினியின் வேகத்தைவிட வட்டின் வேகமே இங்கே நேரத்தைத் தீர்மானிக்கும். எஸ்எஸ்டியில் சில நொடிகளில்கூட முடிந்துவிடலாம். யுஎஸ்பியில் தொங்கும் பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து படித்து அதிலேயே எழுதினால் சில நிமிடங்கள் ஆகும். அரைமணி நேரமாகியும் ஓடிக்கொண்டே இருக்கிறதென்றால் வட்டையோ கேபிளையோ சோதித்துப் பாருங்கள்.

எந்த ஒலியை வைத்துக்கொள்வது

தமிழ் டிராக் ஒன்றே ஒன்று என்றால் யோசிக்க எதுவுமில்லை. சில ஃபைல்களில் தமிழே இரண்டு இருக்கும்: ஒன்று 5.1, மற்றது ஸ்டீரியோ. பெரியதுதான் நல்லது என்று 5.1-ஐ மட்டும் வைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் அந்த 5.1 எந்தக் கோடெக்கில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டால்பியும் டிடிஎஸ்ஸும் உரிமக் கட்டணம் கட்டிப் பயன்படுத்த வேண்டியவை. அதனால் சில டிவிகளில் டிடிஎஸ் வேலை செய்யாது. சில மொபைல் பிளேயர்களில் டால்பி வேலை செய்யாது. படம் ஓடும், சத்தம் வராது. ஐந்து ஒலி இருந்தபோது இன்னொன்றுக்கு மாற்றியாவது சமாளித்திருப்போம். ஒன்றை மட்டும் வைத்த பிறகு அந்த வழியும் அடைந்துவிடும்.

எனவே, படம் கடைசியில் எந்தக் கருவியில் ஓடப்போகிறதோ அதில் அந்த ஒலி கேட்கிறதா என்று மூல ஃபைலைக் கொண்டே முதலில் சோதியுங்கள். கணினியில் VLC-யில் கேட்கிறது என்பது சாட்சியாகாது. VLC கிட்டத்தட்ட எல்லாக் கோடெக்கையும் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. மூல ஃபைல் 4 ஜிபிக்கு மேல் இருப்பதால் பென் டிரைவில் ஏறாது என்றால், MKVToolNix-இலேயே `Output` என்ற பகுதியில் நேரத்தைக் கொடுத்து ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை வெட்டி அதைக் கொண்டு போய்ப் பார்க்கலாம். வீட்டில் ஹோம் தியேட்டர் இல்லாமல் டிவியின் சொந்த ஸ்பீக்கரில்தான் பார்க்கிறீர்கள் என்றால் ஸ்டீரியோவை வைத்துக்கொள்வது எந்த வகையிலும் குறைவில்லை. 5.1-ஐ இரண்டு ஸ்பீக்கருக்குள் அடக்கும்போது வசனம் மெலிந்து, சண்டைச் சத்தம் காதைக் கிழிக்கும் அனுபவம் பலருக்கும் இருந்திருக்கும்.

இன்னொரு தமிழ் டிராக், இயக்குநரின் உரையாக இருக்கலாம். அல்லது பார்வையற்றவர்களுக்காகக் காட்சியை விவரிக்கும் குரலாக இருக்கலாம். இரண்டுக்கும் மொழிக் குறி tam என்றேதான் இருக்கும். முதல் வசனம் மட்டும் கேட்டு முடிவு செய்யாமல் இரண்டு மூன்று இடத்தில் கேட்கச் சொல்வது இதனால்தான். விவரிப்புக் குரல் வசனமில்லாத இடத்தில்தான் பேசும்.

சப்டைட்டிலில் `Forced` என்ற குறி உள்ளதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நீக்காதீர்கள். தமிழ்ப் படத்தில் வில்லன் ரஷ்ய மொழியில் பேசும் இரண்டு நிமிடத்துக்கு மட்டும் திரையில் மொழிபெயர்ப்பு வருமே, அது பெரும்பாலும் இந்த டிராக்கில்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டால் அந்தக் காட்சியில் என்ன பேசினார்கள் என்றே தெரியாமல் போகும்.

மலையாளத்தில் எடுத்த படத்தின் தமிழ் டப்பிங்கை வைத்துக்கொள்வதா, மலையாளத்தையே வைத்துக்கொள்வதா என்பது அவரவர் விருப்பம். வீட்டில் எல்லோரும் சப்டைட்டில் படிப்பார்கள் என்றால் நான் மூல மொழியைத்தான் வைப்பேன். நடிகரின் சொந்தக் குரலை நீக்கிவிட்டால் திரும்பக் கொண்டுவர மூல ஃபைல் வேண்டும்.

நீக்காமலே தமிழில் ஆரம்பிக்க வைப்பது

முன்பு சொன்ன சுலபமான வழி இதுதான். MKVToolNix-இல் `Header editor` என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் ஃபைலைத் திறந்து, இந்தி ஆடியோவின் `Default track` குறியை எடுத்துவிட்டு, தமிழுக்கு அந்தக் குறியைக் கொடுத்துச் சேமித்தால் போதும். ஃபைலின் தலைப்பகுதியில் இருக்கும் சில எழுத்துகள் மட்டுமே மாறுவதால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஃபைலின் அளவு குறையாது. மற்ற மொழிகளும் பத்திரமாக இருக்கும். வீட்டில் ஒருவர் தமிழிலும் ஒருவர் தெலுங்கிலும் பார்ப்பவர்கள் என்றால் இதுவே சரியான வழி. மொழிச் சீட்டு தவறாக இருந்தால் அதையும் இங்கேயே திருத்தலாம். சில டிவிகள் இந்தக் குறியை மதிக்காமல் முதலில் இருக்கும் ஒலியையே எடுக்கும். அந்த டிவிக்கு மேலே சொன்ன ரீமக்ஸ்தான் மருந்து.

எம்பி4 ஆக இருந்தால்

MKVToolNix எந்த ஃபைலைக் கொடுத்தாலும் எம்கேவியாகத்தான் திருப்பித் தரும். எம்பி4 எம்பி4 ஆகவே இருக்க வேண்டுமென்றால் `ffmpeg` என்ற கட்டளைக் கருவி வேண்டும். முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று அதனுடன் சேர்ந்தே வரும் `ffprobe` மூலம் பார்க்க:

```
ffprobe -hide_banner padam.mp4
```

அது காட்டும் வரிகளில் ஒலி தொடர்பானவை இப்படி இருக்கும்:

```
Stream #0:1(hin): Audio: eac3, 48000 Hz, 5.1(side), fltp, 640 kb/s (default)
Stream #0:2(tam): Audio: eac3, 48000 Hz, 5.1(side), fltp, 640 kb/s
```

இதில் தமிழ் இரண்டாவது ஒலி. அதை மட்டும் வைத்துக்கொள்ள:

```
ffmpeg -i padam.mp4 -map 0:v -map 0:a:1 -map "0:s?" -c copy padam-tamil.mp4
```

`-map` ஒவ்வொன்றும் புதிய ஃபைலுக்கு எதை எடுக்க வேண்டும் என்று சொல்கிறது: ஒளி, இரண்டாவது ஒலி, சப்டைட்டில் இருந்தால் அவையும். கேள்விக்குறி, சப்டைட்டில் இல்லாவிட்டால் பிழை என்று நின்றுவிடாமல் தொடர்ந்து செல்லச் சொல்வதற்கு.

இந்த இடத்தில் புதியவர்கள் பெரும்பாலும் எண்ணில்தான் தடுக்கி விழுகிறார்கள். `0:a:1` என்பதில் ஒலிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறார்கள். எனவே 1 என்பது இரண்டாவது ஒலி. அதே தமிழ், மேலே ffprobe காட்டிய வரியில் `0:2`, ஏனென்றால் அங்கே ஒளியையும் சேர்த்து எண்ணுகிறார்கள். VLC-யின் மெனுவில் பார்த்தால் அது இரண்டாவது டிராக் என்று 1-லிருந்து எண்ணி வரும். காதால் கேட்டது எத்தனையாவது ஒலி என்று தாளில் எழுதிக்கொண்டு, அதில் ஒன்றைக் கழித்துக் கட்டளையில் போடுங்கள்.

`-map` எதுவுமே போடாமல் விட்டாலும் ffmpeg ஒரே ஒரு ஒலியைத்தான் எடுக்கும். எந்த ஒலி என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும். அதிகச் சேனல் உள்ளதற்கு முன்னுரிமை தரும், மொழியைப் பார்க்காது. ஒரு மொழிதான் மிஞ்சியிருக்கிறது, அளவும் குறைந்திருக்கிறது என்று மகிழ்ந்து, திறந்து பார்த்தால் இந்தி பேசும்.

`-c copy` என்பதை மறந்தால் அது ரீஎன்கோடாகிவிடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஓடத் தொடங்கியதும் டிராக் வரிகளின் முடிவில் `(copy)` என்று வர வேண்டும். கீழே ஓடும் வரியில் `speed=` என்பதற்கு எதிரே பத்துகளிலோ நூறுகளிலோ எண் இருக்க வேண்டும். அது ஒன்று இரண்டு என்று ஊர்ந்துகொண்டிருந்தால், கணினியின் மின்விசிறியும் இரைந்தால், உடனே நிறுத்திவிட்டுக் கட்டளையைத் திருத்துங்கள்.

பழையதை அழிக்கும் முன்

புதிய ஃபைல் வந்ததும் மூலத்தை அழிக்க அவசரப்பட வேண்டாம். முதலில் அளவைப் பாருங்கள். நாம் போட்ட கணக்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 3.29 ஜிபி வர வேண்டிய இடத்தில் 1.8 ஜிபி வந்தால் எழுதும்போது பாதியில் நின்றிருக்கிறது, அல்லது வட்டு நிறைந்திருக்கிறது. 5.97 ஜிபியாகவே இருந்தால் டிக்குகள் எடுபடவில்லை.

பிறகு படத்தைத் தொடக்கத்தில், நடுவில், முடிவுக்குப் பத்து நிமிடம் முன்பு என்று மூன்று இடத்தில் ஓட்டி, வசனமும் உதட்டசைவும் பொருந்துகிறதா என்று பாருங்கள். நேரடியாக ரீமக்ஸ் செய்தால் நேரக் குறிப்புகள் அப்படியே வருவதால் வழக்கமாக இடறாது. ஒலியைத் தனி ஃபைலாக வெளியே எடுத்து, மறுபடி சேர்த்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் சிக்கல் வரும். மூலத்தில் ஒலி சற்றுத் தாமதமாகத் தொடங்கும்படி வைத்திருந்தால் அந்தத் தாமதம் வழியில் தொலைந்துபோய்விடும். டப்பிங் ஒலியில் உதட்டசைவு எப்போதுமே கொஞ்சம் விலகித்தான் இருக்கும். எனவே கதவு சாத்துவது, கைதட்டுவது போன்ற காட்சிகளை வைத்து முடிவு செய்யுங்கள். சந்தேகம் வந்தால் அதே நொடியை மூல ஃபைலிலும் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் விலகல் இருந்தால் அது படத்தோடு வந்த குறை.

தொடர் முழுவதையும் ஒரே தடவையில்

பத்துப் பன்னிரண்டு எபிசோட் உள்ள தொடருக்கு ஒவ்வொன்றாக டிக் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. MKVToolNix-உடன் சேர்ந்தே `mkvmerge` என்ற கட்டளையும் வருகிறது. எண்ணுக்குப் பதில் மொழிக் குறியீட்டையே அதற்குக் கொடுக்கலாம். விண்டோஸில், எபிசோடுகள் இருக்கும் ஃபோல்டரில் `Command Prompt` என்ற கட்டளைச் சாளரத்தைத் திறந்து இப்படி எழுதலாம்:

```
for %i in (*.mkv) do mkvmerge -o "tamil\%i" -a tam "%i"
```

mkvmerge கட்டளையை விண்டோஸ் கண்டுபிடிக்கவில்லை என்று பிழை வந்தால், அது நிறுவப்பட்டிருக்கும் ஃபோல்டரின் முழு முகவரியோடு, இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் எழுத வேண்டும். இதையே ஒரு .bat ஃபைலில் சேமிப்பதானால் `%i` வரும் எல்லா இடத்திலும் `%%i` என்று மாற்ற வேண்டும்.

இந்தக் கட்டளை முழுக்க முழுக்க மொழிச் சீட்டை நம்பி நடக்கிறது. ஏழாவது எபிசோடில் தமிழுக்கு und என்று சீட்டு ஒட்டியிருந்தால் அந்த எபிசோட் மட்டும் ஒலியே இல்லாமல் வெளியே வரும். ஆகவே ஓடவிட்டு முடிந்ததும் tamil ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைல்களையும் மொத்தமாக MediaInfo-வில் இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஆடியோ, அதன் மொழி தமிழ் என்று இருக்கிறதா பாருங்கள். ஒலி விடுபட்ட எபிசோட் இருந்தால் அதன் மூல ஃபைலை `Header editor`-இல் திறந்து, சரியான டிராக்குக்குத் தமிழ் என்று மொழியைத் திருத்திச் சேமித்துவிட்டு, அதற்கு மட்டும் கட்டளையை மறுபடி ஓட்டுங்கள். சீட்டுகள் இடம் மாறி ஒட்டப்பட்டிருந்தால் MediaInfo-வாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு வசனமாவது கேட்டுத்தான் ஆக வேண்டும்.